உளுந்து விதையில் ரைசோபியம் கலக்கும் 60 வினாடி விளம்பரம்: பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள்

நுங்கம்பாக்கம் பிரதியாளர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சிறிய விளம்பர அலுவலகத்தில் பிரதி எழுதும் வேலையில் இருக்கிறேன். உயிர் உரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக, உளுந்து விதையோடு கலந்து விதைக்கும் ரைசோபியம் பொட்டலத்துக்கு 60 வினாடிப் படம் ஒன்று எழுத வேண்டும். உரக்கடைகளில் உள்ள தொலைக்காட்சியிலும் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதை ஓடவிடப் போகிறார்கள்.

நான் முதலில் எழுதிய பிரதி இப்படித் தொடங்கியது: "காற்றில் உள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி, பயிரின் வளர்ச்சியை ஊக்குவிக்கும் அதிநவீன நுண்ணுயிர்த் தொழில்நுட்பம்! விதை நேர்த்திக்கு ஏற்ற உயிர் மருந்து! 30 சதவீதம் கூடுதல் மகசூல்!"

போன வாரம் மதுராந்தகம் பக்கம் போயிருந்தபோது, ஒரு தேநீர்க் கடையில் நான்கு விவசாயிகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். மூவர் மரியாதைக்குத் தலையசைத்தார்கள். நான்காமவர் மட்டும், "இதைப் பூச்சிமருந்தோடு சேர்த்து அடித்துவிடலாமா, தம்பி?" என்று கேட்டார். விதையில் கலக்க வேண்டிய பொருளை அவர் தெளிக்கிற பொருளாகப் புரிந்துகொண்டிருந்தார். பிழை அவருடையது அல்ல, என் பிரதியுடையது என்பது அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஆகவே பேச்சைக் குறைத்துச் செய்முறையை அப்படியே காட்டலாம் என்று நினைக்கிறேன். எதைக் காட்டினால் பார்ப்பவர் நாளைக் காலையில் தானே செய்து பார்ப்பார் என்பதுதான் என் கேள்வி.

ஒளிப்பதிவாளர், வளசரவாக்கம்

இந்த மாதிரிப் படங்கள் சிலவற்றில் வேலை செய்திருக்கிறேன். விவசாயி பேச்சை நம்ப மாட்டார், பயிரைப் பார்த்தால் நம்புவார். ஒரே நிலத்தில் பாதிக்கு விதை கலந்தும் பாதிக்குக் கலக்காமலும் விதைத்து, 30 நாள் கழித்து இரண்டையும் ஒரே சட்டகத்தில் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் யூரியா மூட்டையைக் காட்டி, "இனி இது தேவையில்லை" என்று ஒரு வரி வைத்தால் போதும். ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருவது உண்மைதானே, அதனால் அப்படிச் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தாம்பரம்

ஒளிப்பதிவாளர் தம்பி சொன்னதில் பாதி சரி. தழைச்சத்தை ரைசோபியம் எடுத்துத் தருவது உண்மைதான், ஆனால் முளைத்த அன்றே அது நடந்துவிடுவதில்லை. வேரில் முடிச்சு கட்டி, அது வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை செடிக்குக் கொஞ்சம் தழைச்சத்து மண்ணிலிருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான், மானாவாரி உளுந்துக்குக்கூட ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்து அடியுரமாகப் பரிந்துரைக்கிறார்கள். மறுபக்கம் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி சோம்பேறியாகி முடிச்சே கட்டாமல் விட்டுவிடும். "யூரியா தேவையில்லை" என்பதும் தவறு, "வழக்கம்போல் போடுங்கள்" என்பதும் தவறு. 60 வினாடியில் இதை விளக்க இயலாது. எனவே அந்த மூட்டையைப் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பிரதியாளருக்கு ஒரு முக்கியமான செய்தி. உங்கள் பிரதியில் உள்ள மிக ஆபத்தான சொல் "மருந்து". நம் கிராமங்களில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து, பூஞ்சாணத்துக்கு விதையில் தடவுவதும் மருந்து. எல்லா மருந்தையும் ஒரே வாளியில் கலந்து வேலையை முடிப்பது ஊர் வழக்கம். ரைசோபியமோ உயிருள்ள பாக்டீரியா. கார்பன்டாசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லியோடு அதை ஒரே வேளையில் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய உயிரை நம் கையாலேயே கொல்கிறோம். பூஞ்சாணக்கொல்லியை முதலில் கலந்து, குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விட்டு, விதைக்கிற அன்று ரைசோபியத்தைக் கலப்பதுதான் முறை. சட்டப்படி பார்த்தாலும் அது மருந்து இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டன. பூச்சிமருந்துகளுக்கு உரிய 1968ஆம் ஆண்டுச் சட்டம் வேறு.

தேநீர்க் கடையில் அந்த நான்காம் விவசாயி உங்களிடம் கேட்ட கேள்வி அந்த ஒரு சொல்லால் வந்தது என்றே நினைக்கிறேன்.

நுங்கம்பாக்கம் பிரதியாளர்

ஐயா, மிக்க நன்றி. "மருந்து" போய்விட்டது. "பொட்டலம்" என்றே எழுதுகிறேன். கடையில் கேட்கும்போதும் அவர்கள் "உளுந்துப் பொட்டலம்" என்று கேட்பதைக் கவனித்தேன்.

இன்று வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தேன். இரண்டு கிலோ உளுந்து, அதற்கு ஏற்றபடி 40 கிராம் பொடி, ஆறிய அரிசிக் கஞ்சி. கலந்து முடித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. உளுந்து கறுப்பு, பொடியும் கறுப்பு. கலப்பதற்கு முன் எடுத்த படத்துக்கும் பின் எடுத்த படத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. நிலக்கடலையாக இருந்தால் பொடி பூசியது கண்ணில் பட்டிருக்கும். இங்கே கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு, ஈரமான உளுந்தை ஒரு பெண் புரட்டுகிறார் என்பதற்கு மேல் எதுவும் விளங்காது.

திருவாரூர் உழவர்

அந்தப் பொடி கறுப்பாக இருப்பதற்குக் காரணம், அதில் பாக்டீரியாவைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். அதையே உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு வேலை செய்வார். விதையைக் கலந்து நிழலில் உலர்த்திய பிறகு, ஒரு பிடி எடுத்து வெள்ளை வேட்டியின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்துவார். துணியில் புள்ளி புள்ளியாகக் கறுப்புத் தடம் விழுந்தால் விதை முழுக்கப் பிடித்திருக்கிறது என்று பொருள். பாதி இடம் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு முறை புரட்டுவார். தூள் துணியில் புழுதி போலக் கொட்டினால் கஞ்சி நீர்த்துவிட்டது, ஒட்டவில்லை. முதலில் கலக்காத உளுந்தைத் துணியில் அழுத்திக் காட்டுங்கள், பிறகு கலந்ததை அழுத்துங்கள். வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும், வீட்டில் எவரும் செய்து பார்க்கவும் முடியும்.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் கெடுப்பவர்கள்தான் அதிகம். வடித்த சூட்டோடு ஊற்றுகிறார்கள். உளுந்துத் தோல் சட்டென்று நீரை இழுத்துக்கொள்ளும், ஆகவே அளவு கூடினாலும் தோல் சுருங்கி உரிய ஆரம்பிக்கும். ஒரு பொட்டலம் 200 கிராம் என்றால் 300 மில்லி கஞ்சி தாராளம். எங்கள் வீட்டுச் சின்ன டம்ளரில் இரண்டு. படத்தில் மில்லி சொல்லாதீர்கள், டம்ளர் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் தோட்டக்காரர்

எனக்கு ஒரு சந்தேகம். போன ஆண்டு என் கத்தரித் தோட்டத்தில் செடிகள் வாடிப் போனபோது பிடுங்கிப் பார்த்தேன், வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர் முடிச்சு நல்லது என்று எங்கோ கேட்ட நினைவில், உரம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் பாதித் தோட்டம் போய்விட்டது. கத்தரிக்கும் இந்தப் பொட்டலம் கொடுத்திருந்தால் முடிச்சு சரியாக வந்திருக்குமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தாம்பரம்

ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நீங்கள் பார்த்தது வேறு. அது வேர் முடிச்சு நூற்புழுவின் வேலை. ரைசோபியம் முடிச்சு கட்டுவது பயறு வகைப் பயிர்களில்தான். கத்தரியில் அது வராது, இந்தப் பொட்டலத்தால் கத்தரிக்குப் பயனும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய நகம் போதும். நூற்புழு தாக்கினால் வேரே வீங்கிக் கட்டியாகும், தள்ளினால் வராது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் கடுகு போல ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் தனியே கழன்று விழும். அதைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்புதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, அல்லது அந்தப் பாக்டீரியாவால் பயனில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பிரதியாளர் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் தோட்டக்காரர் ஐயாவின் அனுபவத்தைப் பார்த்த பிறகு, முடிச்சைக் கீறும் காட்சி இல்லாமல் இந்தப் படத்தை வெளியிடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். "முடிச்சு இருந்தால் நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவர் நூற்புழுவைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார்.

படப்பிடிப்பு நாளையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். விதைத்த 30ஆம் நாளை ஒட்டி, பூ எடுக்கும் தருணத்தில் சிவப்பு நன்றாக இருக்கும். காய் முற்றிய பிறகு போனால் பழுப்பு முடிச்சைத்தான் படம் எடுப்பீர்கள். செடியைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், வெறும் வேரைக் காட்டி "பொட்டலம் பொய்" என்று சொல்வார்கள். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் மண் தானே கரைந்து இறங்கும்.

வானொலி நாடகக்காரர், மயிலாப்பூர்

பல ஆண்டுகள் வானொலிக்கு எழுதியவன் என்ற முறையில் குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தஞ்சைப் பக்கத்தில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்று பெயர் வந்தது, மக்கள் அதைப் பற்றி வானொலியில் கேட்டு விதைத்ததால்தான். எனவே பேச்சால் பயனில்லை என்று ஒளிப்பதிவாளர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

"செய்யுங்கள், கலக்குங்கள், உலர்த்துங்கள்" என்று 60 வினாடியும் ஏவிக்கொண்டே இருந்தால், கேட்பவர் மாணவர் ஆகிவிடுகிறார். ஐம்பது ஆண்டுகளாக உழுதவரை மாணவராக்கினால் அவர் எழுந்து போய்விடுவார். செய்பவர் தன் வேலையைத் தான் சொல்வதாக எழுதுங்கள்: "கலக்கிறேன், புரட்டுகிறேன், நிழலில் பரப்புகிறேன்." பார்ப்பவர் தானே செய்து பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் "பாருங்கள்" என்று திரும்பட்டும். மொத்தம் 90 சொற்களைத் தாண்டினால் தமிழில் மூச்சு முட்டும், காட்சிக்கு இடமிருக்காது.

பேசுபவர் பெண்ணாக இருக்கட்டும். பல வீடுகளில் விதை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நுங்கம்பாக்கம் பிரதியாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மாற்றி எழுதியதைக் கீழே தருகிறேன். பேசுபவர் நாற்பது வயதுப் பெண். இடம் வீட்டுத் திண்ணை, பிறகு வயல்.

*திண்ணை. சாக்கின் மேல் உளுந்து.*
"ஒரு ஏக்கருக்கு எட்டு கிலோ உளுந்து. பூஞ்சாணத்துக்கு நேற்றே கலந்துவிட்டேன். இது இன்றைக்கு." *(பொட்டலத்தைக் காட்டுகிறார்.)*

*கஞ்சிப் பாத்திரத்தில் விரலை வைக்கிறார்.*
"கஞ்சி சுடக் கூடாது. இரண்டு டம்ளர் போதும். பொடியைக் கரைத்து ஊற்றி, பிசையாமல் புரட்டுகிறேன்."

*நிழலில் பரப்புகிறார். வெயில் பட்ட சாக்கை உள்ளே இழுக்கிறார்.*
"நிழலில் அரை மணி நேரம். இதில் இருப்பது உயிர். வெயில் ஆகாது."

*வெள்ளைத் துணி. கலக்காத உளுந்து, பிறகு கலந்த உளுந்து.*
"இது கலக்காதது. இது கலந்தது. தடம் தெரிகிறதா?"

*வயல். 30ஆம் நாள். மண்ணோடு பெயர்த்த செடி, வாளித் தண்ணீர்.*
"முப்பதாம் நாள். பிடுங்கவில்லை, வெட்டி எடுத்து ஊறவைத்தேன். முடிச்சு தள்ளினால் கழல வேண்டும். கீறினால் உள்ளே சிவப்பு. வேலை நடக்கிறது."

*பொட்டலத்தின் பின்பக்கம், நெருக்கத்தில்.*
"உளுந்து என்று போட்டிருக்கிறதா, நாள் தாண்டவில்லையா, பார்த்து வாங்குங்கள்."

நிறுவனத்தார் இரண்டு மாற்றங்கள் கேட்கிறார்கள். "30 சதவீதம் கூடுதல் மகசூல்" என்ற வரி திரும்ப வர வேண்டுமாம். அந்த எண்ணுக்கு ஆதாரமாக அவர்கள் தந்தது ஒரே ஒரு வயலின் கணக்கு. கலந்த நிலத்தையும் கலக்காத நிலத்தையும் அருகருகே காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதை மறுத்துவிட்டேன். விளம்பரத்தில் எண் சொன்னால் அதை நிறுவ வேண்டிய பொறுப்பு விளம்பரதாரருக்கு உண்டு, ஒரு வயல் அதற்குப் போதாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதில்தான் எனக்கே தெளிவில்லை.

ஒளிப்பதிவாளர், வளசரவாக்கம்

யூரியா விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் அருகருகே காட்டுவதில் என்ன தயக்கம்? பொய் எதுவும் சொல்லவில்லையே. இரண்டு பாத்தி விதைத்து, எது வருகிறதோ அதைப் படம் எடுப்போம்.

திருவாரூர் உழவர்

எது வருகிறதோ அதைக் காட்டத் துணிவு இருந்தால் நானும் ஆதரிப்பேன். நெல் அறுப்புக்கு ஐந்தாறு நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்டுதோறும் அதே வயலில் உளுந்து போடுகிறோம். அந்த மண்ணிலேயே பாக்டீரியா நிறைய இருக்கிறது. பொட்டலம் கலக்காத விதையிலும் முடிச்சு வரும், உள்ளே சிவப்பாகவும் இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு மூலையைக் கலக்காமல் விட்டுப் பார்த்தேன், கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. உளுந்தே போடாத என் தம்பியின் மேட்டு நிலத்திலோ வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது.

நீங்கள் மதுராந்தகத்தில் புது நிலமாகப் பார்த்துப் படம் எடுத்து, அதைத் திருவாரூர்க் கடையில் ஓடவிட்டால், எங்கள் ஆள் ஒருவர் தன் வயலில் அதே போல விட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக வளரும். பிறகு அவர் துணித் தடத்தையும் நம்ப மாட்டார்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தாம்பரம்

உழவர் சொல்வது உண்மை. இருந்தாலும் என் முடிவு கொஞ்சம் வேறு. பழைய உளுந்து வயலிலும் ஆண்டுதோறும் கலக்கச் சொல்வதுதான் பரிந்துரை, ஏனென்றால் மண்ணில் இருக்கும் பாக்டீரியா எல்லாமே நன்றாக உழைப்பவை அல்ல. எண்ணிக்கை இருக்கும், திறன் குறைவாக இருக்கும். அந்த வேறுபாடு இலையின் நிறத்தில் தெரியாமல் அறுவடை எடையில் தெரியக்கூடும், தெரியாமலும் போகக்கூடும். அதைப் படத்தில் காட்ட வழி இல்லை.

ஆகவே அருகருகே காட்டுவதானால், "உளுந்து இதுவரை போடாத நிலம்" என்று அந்தப் பெண்ணே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பேன். அதைச் சொன்னால் டெல்டா விற்பனை குறையும் என்று நிறுவனம் அஞ்சும்.

வானொலி நாடகக்காரர், மயிலாப்பூர்

அந்த ஒரு வரிக்கு நான்கு வினாடி வேண்டும். பிரதியில் இப்போது இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு பாத்திக் காட்சியும் சேர்ந்தால் முடிச்சைக் கீறும் காட்சி சுருங்கும். எனக்கு அது சம்மதமில்லை. இரண்டில் ஒன்று என்றால் நகமும் சிவப்பும்தான் இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் தோட்டக்காரர்

நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன். "தள்ளினால் கழல வேண்டும்" என்ற இடத்தில் விரலை நன்றாக நெருக்கத்தில் காட்டுங்கள். அந்த ஒரு காட்சியை நான் பார்த்திருந்தால் சரியான நேரத்தில் யாரையாவது கூப்பிட்டிருப்பேன்.

நுங்கம்பாக்கம் பிரதியாளர்

நகக் காட்சிக்கு 12 வினாடி ஒதுக்கிவிட்டேன், அதில் கை வைக்க விடமாட்டேன். பாத்திகளைப் பற்றி நிறுவனத்தாரோடு திங்கட்கிழமை பேசுகிறேன். "போடாத நிலம்" என்ற வரியை ஏற்றால் காட்சி இருக்கும், ஏற்காவிட்டால் காட்சியும் இருக்காது என்று சொல்லப் போகிறேன். எது நடந்தாலும் படப்பிடிப்புக்கு 30 நாள் முன்னதாக விதைத்தாக வேண்டும் என்பதால், தை மாத விதைப்புக்கு மதுராந்தகத்தில் இரண்டு பாத்திக்கு நிலம் கேட்டு வைத்திருக்கிறேன். நிலத்துக்காரர், அன்று தேநீர்க் கடையில் என்னைக் கேள்வி கேட்ட அதே நான்காமவர். புதிய பிரதியை அவரிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கஞ்சி புழுங்கல் அரிசியில் வடித்ததா, பச்சரிசியில் வடித்ததா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

திருவாரூர் உழவர்

எங்கள் வீட்டில் புழுங்கல்தான். வடித்த கஞ்சியை முந்தின இரவே எடுத்து வைத்துவிடுவோம், உப்பு மட்டும் போட்டிருக்கக் கூடாது. பச்சரிசிக் கஞ்சியில் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.